எல்லாமும் கிடைத்ததா? பேச்சின் பொருளைக் கொண்டு காணொளிக் காப்பகத்தைத் தேடுதல்

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டுபோயின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்துத் தொலைக்காட்சிச் செய்திகள், விவாதங்கள், தெருமுனைப் பேட்டிகள் என்று 600 மணி நேரக் காணொளி ஒரு காப்பகத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடிநீர்த் தட்டுப்பாட்டைப் பற்றி யார் எங்கே பேசியிருந்தாலும் அந்த இடம் அத்தனையும் வேண்டும் என்கிறார் ஓர் ஆய்வாளர்.

"குடிநீர்த் தட்டுப்பாடு" என்று தேடினால் செய்தி வாசிப்பவர் கிடைப்பார், அமைச்சர் கிடைப்பார், அதிகாரி கிடைப்பார். குடத்தோடு வரிசையில் நிற்பவர் கிடைக்கமாட்டார். அவர் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. "குழாயத் தொறந்தா காத்துதான் வருது", "லாரி வந்து பதினஞ்சு நாளாச்சு", "போர் வத்திப்போச்சு", "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பம்பு அடிக்கிறோம்" என்பார். இந்த நான்கில் ஒன்றில்கூடத் தண்ணீர் என்ற சொல் இல்லை. சரி, "தண்ணி" என்றே தேடலாம் என்றால், தண்ணி போட்டுவிட்டு வண்டி ஓட்டியவரும், போலீசுக்குத் தண்ணி காட்டிய திருடனும், 2015 டிசம்பரில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளமும் சேர்ந்து வந்து விழும்.

சொல்லை விட்டுப் பொருளைத் தேடும் முறை இப்போது எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. பேச்சை எழுத்தாக்கி, எழுத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் எம்பெடிங் எனப்படும் எண் வரிசையாக மாற்றி, பொருள் நெருக்கத்தை அளப்பது அந்த முறை. நல்ல இடங்கள் சிலவற்றைக் கண்டுபிடிக்க அது மிகவும் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் ஆய்வாளர் கேட்டது "சில" அல்ல, "எல்லாம்". இந்த இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலாவதுக்கு எம்பெடிங்கே விடை தந்துவிடும். இரண்டாவதுக்கு அது வரிசைப்படுத்தித் தரும் உதவியாள் மட்டுமே. விடையைத் தருவது, தேடல் முடிந்தபின் தப்பியதை எண்ணிப் பார்க்கும் வேலை. இந்தக் கட்டுரை அந்த வழி நெடுகப் போய், ஒவ்வொரு கட்டத்திலும் எது கைநழுவுகிறது, அதை எப்படிக் கண்டுகொள்வது என்று பார்க்கிறது.

முன்பு என்ன செய்தார்கள்

இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் முதலில் சந்தித்த காப்பகங்களில் ஒன்று, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994-இல் தொடங்கிய ஷோவா அறக்கட்டளையுடையது. நாஜி இன அழிப்பில் உயிர் தப்பியவர்களும் அதை நேரில் கண்டவர்களுமாக ஏறக்குறைய 52,000 பேரின் வாக்குமூலங்கள், 32 மொழிகளில், சுமார் 1,16,000 மணி நேரம் பதிவாயின. முதலில் பயிற்சி பெற்றவர்கள் பதிவைப் பார்த்து, கதை மாறும் இடங்களில் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் சுருக்கமும் தலைப்புச் சொற்களும் எழுதினார்கள். அந்த வேகத்தில் மொத்தத்தையும் முடிக்க முடியாது என்று தெரிந்ததும், பதிவை நிமிடம் நிமிடமாகப் பிரித்து, கட்டுப்படுத்தப்பட்ட சொற்பட்டியலிலிருந்து தலைப்புகளை மட்டும் ஒட்டும் முறைக்கு மாறினார்கள்.

இதே காப்பகத்தை வைத்து 2001-இல் தொடங்கிய மலாக் ஆய்வுத் திட்டம், எந்திரம் எழுதிய பேச்சுப் படியைக் கொண்டு தேட முடியுமா என்று சோதித்தது. முதியவர்கள் தமக்குத் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில், குரல் உடைந்து பேசிய பதிவுகள் அவை. எந்திரப் படியில் பிழை மலிந்திருந்தது. மனிதர் எழுதிய சுருக்கத்தையும் தலைப்புச் சொற்களையும் வைத்துத் தேடியபோது கிடைத்த பலன், எந்திரப் படியை மட்டும் வைத்துத் தேடியபோது கிடைத்ததைவிடத் தெளிவாக மேலாக இருந்தது. காரணம் பிழை மட்டுமல்ல. பசியைப் பற்றிப் பேசுகிறவர் பசி என்று சொல்லாமல் உருளைக்கிழங்குத் தோலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். அட்டவணைக்காரர் அதைக் கேட்டுப் "பசி" என்று எழுதிவிடுவார். சொல்லிலிருந்து பொருளுக்குத் தாவும் அந்த ஒரு படியை மனிதர் செய்துகொண்டிருந்தார்.

எம்பெடிங் எந்திரத்திடம் ஒப்படைப்பது அந்தப் படியைத்தான். ஒரு பத்தியைக் கொடுத்தால் சில நூறு அல்லது ஆயிரம் எண்கள் கொண்ட ஒரு வரிசையை மொழி மாதிரி திருப்பித் தரும். பள்ளிக் கணக்கில் திசையன் என்று படித்தோமே, அதுதான் அது. பொருள் நெருங்கிய பத்திகளின் திசையன்கள் ஒரே பக்கம் நோக்கும்படி மாதிரி பழக்கப்பட்டிருக்கிறது. வாக்கியங்களை ஒப்பிடுவதற்கென்றே இதைச் செய்துகாட்டிய சென்டன்ஸ்-பெர்ட் 2019-இல் வந்தது. 2020-இல் கூகுள் வெளியிட்ட லாப்சே நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளை ஒரே வெளியில் வைத்தது. தமிழும் அதில் உண்டு. அதன்பின் வந்த பன்மொழி மாதிரிகளில் தமிழில் கேட்டு ஆங்கிலப் பேச்சையும், ஆங்கிலத்தில் கேட்டுத் தமிழ்ப் பேச்சையும் எடுக்க முடிகிறது. சென்னைச் செய்திக் காப்பகத்துக்கு இது சிறிய வசதியல்ல. விவாத மேடையில் பாதிப் பேச்சு இரண்டு மொழிகளுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

பேச்சு எழுத்தாகும்போது

எழுத்துப்படியில் இல்லாத எதையும் எம்பெடிங் கண்டுபிடிக்காது. ஆகவே முதல் இழப்பு இங்கே நேர்கிறது.

1997 முதல் 2000 வரை அமெரிக்காவின் ட்ரெக் ஆய்வரங்கில் வானொலி, தொலைக்காட்சிச் செய்திகளை வைத்து நடந்த பேச்சுத் தேடல் சோதனைகள் ஆறுதலான ஒரு முடிவைத் தந்தன. எந்திரப் படியில் கணிசமான சொற்கள் தவறாக இருந்தாலும் தேடலின் தரம் அதிகம் குறையவில்லை. ஒரு செய்தி மூன்று நிமிடம் ஓடினால் அதன் முக்கியச் சொல் பலமுறை வரும். நான்கில் ஒன்று சிதைந்தாலும் மற்ற மூன்று காப்பாற்றிவிடும். இந்த முடிவை இன்றும் பலர் நம்பிக்கையோடு எடுத்துச் சொல்வதுண்டு. ஆனால் நாம் தேடுவது முழுச் செய்தியை அல்ல, நொடிகளை. தெருவில் நின்று ஒருவர் சொன்ன ஒற்றை வாக்கியத்தில் "போர் வத்திப்போச்சு" என்பது "போர் வந்துபோச்சு" என்று பதிவானால், அவர் பேசியது யுத்தம் ஆகிவிடும். திருத்த இரண்டாவது வாய்ப்பு இல்லை.

ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் இன்று பரவலாகப் பயன்படும் பேச்சறி கருவி. அது ஒலியை 30 நொடி ஜன்னல்களாகப் படிக்கிறது. ஆங்கிலத்தில் அது தரும் துல்லியத்தைத் தமிழில் எதிர்பார்க்க முடியாது. வட்டார வழக்கிலும் கலப்புப் பேச்சிலும் இடைவெளி இன்னும் பெருகும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே உருவாக்கிய மாதிரிகளையும் சேர்த்துச் சோதித்து, தன் காப்பகத்துக்கு எது பொருந்துகிறது என்று பார்த்து எடுப்பது நல்லது.

விஸ்பரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. பேச்சே இல்லாத இடத்தில், பின்னணி இசையோ கூட்டத்தின் இரைச்சலோ மட்டும் இருக்கும்போது, அது சும்மா இருக்காமல் எதையாவது எழுதிவிடும். நிகழ்ச்சியைப் பார்த்ததற்கு நன்றி என்பதுபோன்ற வாக்கியம், அல்லது ஒரே தொடர் பத்துமுறை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் எழுத்து, கோப்பாகச் சுருக்கும்போது அளவுக்கு மீறிச் சுருங்கும். விஸ்பரே இந்தச் சுருக்க விகிதத்தைக் கணக்கிட்டு, இயல்பமைப்பில் 2.4-ஐத் தாண்டினால் அந்தப் பகுதியைச் சந்தேகித்து மறுபடி முயல்கிறது. அதோடு, ஒலியில் மனிதக் குரல் இருக்கிறதா என்று தனியே பார்க்கும் கருவி ஒன்றை முன்னால் ஓட்டி, குரலில்லாத இடங்களை எழுத்தாக்கவே கொடுக்காமல் விட்டால் பெரும்பாலான கற்பனை வாக்கியங்கள் ஒழியும்.

ஊர்ப்பெயரும் ஆள்பெயரும்தான் எழுத்துப்படியில் அதிகம் அடிபடுபவை. அடிபட்ட பெயரை எம்பெடிங் அநேகமாக மீட்காது. ஒழுங்காக எழுதப்பட்ட பெயரைக்கூட அது மங்கலாகவே பிடிக்கும். வீராணம் என்று கேட்டால் ஏரிகள் பொதுவாக நெருங்கி வந்துவிடும். இதனால்தான் பழைய சொல் தேடலை யாரும் தூக்கி எறிவதில்லை. இரண்டையும் ஓட்டி முடிவுகளைச் சேர்க்கிறார்கள். தமிழில் அதற்கும் ஒரு முன்வேலை வேண்டும். பேச்சில் வருவது "வீராணத்துலேர்ந்து" என்பது. "வீராணம்" என்ற முழு வடிவத்தைத் தேடினால் அது பிடிபடாது. "வீராண" என்ற முன்பகுதியைத் தேட வேண்டும், ஓரிரு எழுத்துப் பிழைக்கும் இடம் விட வேண்டும்.

எங்கே வெட்டுவது

எழுத்துப்படியை எவ்வளவு நீளத் துண்டுகளாக வெட்டுவது என்ற கேள்வி சின்னதாகத் தோன்றும். முடிவில் பாதியை அதுதான் தீர்மானிக்கிறது.

ஐந்து நிமிடத் துண்டில் மின்வெட்டு, பேருந்துக் கட்டணம், தண்ணீர் லாரி மூன்றும் கலந்திருக்கும். ஒரே திசையன் மூன்றுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். லாரியைப் பற்றிய இருபது நொடி அதில் கரைந்துபோகும். போதாததற்கு, பல மாதிரிகள் ஒரு வரம்புக்கு மேல் படிப்பதில்லை. பன்மொழி இ5 மாதிரி 512 டோக்கன்களோடு நிறுத்திவிடும். டோக்கன் என்பது மாதிரி எழுத்தை உடைத்துப் படிக்கும் துணுக்கு. ஒரு தமிழ்ச் சொல் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட துணுக்குகளாக உடையும் என்பதால், நீளமான தமிழ்த் துண்டின் வால்பகுதி படிக்கப்படாமலே போகும். எச்சரிக்கை எதுவும் வராது.

ஐந்து நொடித் துண்டில் வேறு சிக்கல். "அது வந்தாத்தான் எங்களுக்குப் பொழப்பு" என்று ஒருவர் சொல்கிறார். "அது" எது என்பது நிருபர் கேட்ட கேள்வியில் இருக்கிறது. கேள்வி முந்தைய துண்டுக்குப் போய்விட்டது. பேட்டிகளில் பொருளைச் சொல்வது பெரும்பாலும் கேட்பவர். பதில் சொல்பவர் அதைச் சுட்டுச்சொல்லால் கடந்துபோவார்.

நடுவழியாக 45 நொடித் துண்டு, 30 நொடிக்கு ஒன்று தொடங்கும்படி, அதாவது அடுத்தடுத்த துண்டுகள் 15 நொடி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வெட்டலாம். மணிக்கு 120 துண்டு, 600 மணிக்கு 72,000. ஒவ்வொன்றுக்கும் 1,024 எண், ஒவ்வோர் எண்ணுக்கும் 4 பைட் என்றால் மொத்தம் 300 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. இந்த அளவுக்குத் தனித் தரவுத்தளமோ விரைவு அட்டவணையோ தேவையில்லை. சாதாரண மடிக்கணினி ஒவ்வொரு கேள்வியையும் எல்லாத் துண்டோடும் நேராக ஒப்பிட்டுவிடும். "எல்லாம்" வேண்டும் என்பவர்களுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. பெரிய காப்பகங்களுக்கான விரைவு அட்டவணைகள் தோராயமானவை. அவை வேகத்துக்காகச் சில நெருங்கிய துண்டுகளைத் தவறவிடும்.

சுட்டுச்சொல் சிக்கலுக்காக, ஒவ்வொரு துண்டின் முன்னும் நிகழ்ச்சித் தலைப்பையும் கடைசியாகக் கேட்கப்பட்ட கேள்வியையும் ஒட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. கேள்வியை ஒட்டுவது உதவுகிறது. தலைப்பை ஒட்டும்போது கவனம் வேண்டும். "தாகத்தில் தவிக்கும் சென்னை" என்று தலைப்பிட்ட நிகழ்ச்சியில் தொகுப்பாளர் விருந்தினருக்கு வணக்கம் சொல்லும் துண்டுகூட மேலே ஏறிவிடும். தலைப்போடு ஒரு மதிப்பெண், தலைப்பில்லாமல் ஒரு மதிப்பெண் என்று இரண்டையும் வைத்துக்கொண்டால், எந்தத் துண்டு தலைப்பின் தயவில் மட்டும் மேலே வந்தது என்பது தெரிந்துவிடும்.

கேள்வியை எப்படி எழுதுவது

"குடிநீர்த் தட்டுப்பாடு" என்ற இரண்டு சொற்களை மட்டும் கேள்வியாகக் கொடுத்தால், அதே நடையில் பேசும் அதிகாரிகள் மேலே வருவார்கள். எம்பெடிங் பொருளோடு நடையையும் ஓரளவு பிடித்துவைத்திருக்கிறது. வரிசையில் நிற்பவரைப் பிடிக்க, அவர் பேச்சிலேயே கேட்க வேண்டும். ஆகவே ஒரு தலைப்புக்குப் பத்துப் பன்னிரண்டு மாதிரி வாக்கியங்கள் எழுதுவது வழக்கம். அதிகாரி சொல்வதுபோல் இரண்டு, வீட்டுப் பெண்மணி சொல்வதுபோல் மூன்று, ஓட்டல் நடத்துபவர், ஐடி நிறுவன ஊழியர், லாரி ஓட்டுநர் சொல்வதுபோல் ஒவ்வொன்று. ஒரு துண்டுக்கு இவற்றில் எது மிக நெருக்கமோ அந்த மதிப்பெண்ணையே எடுக்க வேண்டும். எல்லாவற்றின் சராசரியை எடுத்தால் மறுபடி நடுவில் போய் நிற்போம்.

```python
from sentence_transformers import SentenceTransformer
m = SentenceTransformer("intfloat/multilingual-e5-large")
P = m.encode(["passage: " + t for t in segs],
             normalize_embeddings=True)
Q = m.encode(["query: " + q for q in queries],
             normalize_embeddings=True)
score = (P @ Q.T).max(axis=1)
```

`passage: `, `query: ` என்ற முன்னொட்டுகள் அலங்காரம் அல்ல. அந்த மாதிரி அவற்றோடுதான் பழக்கப்பட்டது. விட்டுவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, தரம் மட்டும் குறையும்.

இனி மதிப்பெண்களைப் பார்க்கலாம். முதல் துண்டு 0.89, நூறாவது 0.86, ஐயாயிரமாவது 0.81 என்பதுபோல் வரும். 0.81 என்பது 81 விழுக்காடு பொருத்தம் என்று படித்துவிடக் கூடாது. இந்த வகை மாதிரியில் சம்பந்தமே இல்லாத இரு பத்திகளும் பெரும்பாலும் 0.7-க்கு மேல்தான் நிற்கும். அது பழக்கப்பட்ட விதம் அப்படி. வரிசை மட்டுமே நம்பத்தக்கது, எண்ணின் அளவு அல்ல. ஒரு தலைப்புக்கு 0.83 நல்ல எல்லைக்கோடாக அமைந்தது என்பதால் அடுத்த தலைப்புக்கும் அதே கோடு பொருந்தாது. பட்டியலில் மேலிருந்து கீழே வரும்போது பொருத்தமான துண்டுகள் மெல்ல மெல்ல அருகிக்கொண்டே போகுமே தவிர, இதோடு முடிந்தது என்று காட்டும் இடம் எதுவும் கிடையாது.

முதல் சில நூறு துண்டுகளைப் படித்து ஆம், இல்லை என்று குறித்தபின் இன்னொரு வசதி கிடைக்கிறது. அந்தக் குறிப்புகளை வைத்து, அதே திசையன்களின்மேல் ஓர் எளிய வகைப்படுத்தியைப் பழக்கி, பட்டியலை மறுபடி வரிசைப்படுத்தலாம். புதிதாக மேலே வந்தவற்றைப் படித்துக் குறித்து, மறுபடி பழக்கலாம். வழக்குகளுக்கான ஆவணத் தேடலில் கோர்மாக், கிராஸ்மன் இருவரும் 2014-இல் ஒப்பிட்டுக் காட்டிய தொடர்கற்றல் முறையின் சாரம் இதுதான். தண்ணி போட்டவரும் தண்ணி காட்டியவரும் இரண்டாம் சுற்றிலேயே கீழே போய்விடுவார்கள். யாரும் நினைத்துப் பார்க்காத வாசகங்கள் மேலே வரும். தண்ணீரில்லாததால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன அலுவலகம், மதியச் சாப்பாட்டை நிறுத்திய மெஸ் எல்லாம் இப்படித்தான் அகப்படும்.

எது தலைப்புக்குள் வரும்

இவ்வளவுக்கும் முன்னால் தீர்த்திருக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. "எங்க ஏரியாவுல தண்ணிப் பிரச்சினையே இல்லீங்க" என்று ஒருவர் சொன்னால் அது சேருமா? எம்பெடிங் அதை மேலே கொண்டுவரும். மறுப்பை அது சரியாகப் பிரித்தறியாது. ஆனால் ஆய்வாளருக்கு அந்த வாக்கியம் மிகவும் தேவைப்படலாம். 2003-இல் நிலைமை எப்படி இருந்தது என்று ஒருவர் ஒப்பிட்டால்? மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைப் பற்றி, தட்டுப்பாடு என்ற பேச்சே எடுக்காமல் ஒரு பொறியாளர் விளக்கினால்?

மலாக் திட்டத்தினர் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருந்தார்கள். பொருத்தம் உண்டா இல்லையா என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதில், எந்த விதப் பொருத்தம் என்று கேட்டார்கள். நேரடிச் சான்று, ஊகிக்கவைக்கும் மறைமுகச் சான்று, பின்னணி, ஒப்பீடு, வேறு எங்கே தேடலாம் என்ற சுட்டல் என ஐந்து வகை. படித்துக் குறிப்பவர்கள் இருவர் ஒரே துண்டுக்கு வேறு வேறு விடை சொல்வது இதனால் குறையும். மேலும், "எல்லாம்" என்ற சொல் எதை அளக்கிறது என்பது அப்போதுதான் நிலைக்கும். நேரடிச் சான்று எல்லாம் கிடைத்ததா என்பது விடை காணக்கூடிய கேள்வி. தொடர்புடைய எல்லாம் கிடைத்ததா என்பதற்குக் கரையே இல்லை.

தப்பியதை எண்ணுவது

1985-இல் பிளேர், மேரன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இந்தத் துறையில் இன்னும் மறக்கப்படவில்லை. ஒரு பெரும் வழக்குக்காக 40,000 ஆவணங்கள், ஏறக்குறைய 3,50,000 பக்கங்கள், கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. தேவையானவற்றில் முக்கால் பங்காவது கைக்கு வர வேண்டும் என்பது வழக்கறிஞர்களின் நிபந்தனை. வந்துவிட்டது என்று திருப்தி அடையும்வரை தேடினார்கள். பிறகு ஆய்வாளர்கள் மீதி ஆவணங்களில் மாதிரி எடுத்துப் பார்த்தபோது, கைக்கு வந்தது சராசரியாக ஐந்தில் ஒரு பங்குதான். விபத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர் விபத்து என்று எழுதவே இல்லை. நிகழ்ச்சி, நிலைமை, சிக்கல் என்று அவரவர் நிலைக்கேற்ப எழுதியிருந்தார்கள்.

எம்பெடிங் அந்தச் சொல் வேறுபாட்டைப் பெருமளவு தீர்த்துவிடுகிறது. ஆனால் அந்தச் சோதனையின் மற்றப் பாதி அப்படியே இருக்கிறது: தேடியவருக்கு வரும் திருப்தி, தப்பியதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சொல்லக்கூடியது மாதிரி எடுப்பு மட்டுமே.

நம் 72,000 துண்டுகளுக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. வரிசையில் முதல் 1,000 துண்டுகளை முழுக்கப் படிக்கிறோம். 640 பொருந்துகின்றன. அடுத்த 4,000-இல் குலுக்கல் முறையில் 200 எடுத்துப் படிக்கிறோம். 6 பொருந்துகின்றன, அதாவது 3 விழுக்காடு. அப்படியானால் அந்த அடுக்கில் ஏறக்குறைய 120 இருக்கும். மீதி 67,000-இல் 300 எடுத்துப் படிக்கிறோம். ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் வேலையை முடித்துவிடுகிறார்கள். 760-இல் 640 கிடைத்துவிட்டது, 84 விழுக்காடு என்று எழுதுகிறார்கள். ஆனால் 300-இல் பூஜ்யம் என்பது 67,000-இல் பூஜ்யம் ஆகாது. புள்ளியியலில் இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. குலுக்கி எடுத்த மாதிரியில் ஒன்றும் அகப்படவில்லை என்றால், மூன்றை மாதிரியின் எண்ணிக்கையால் வகுத்து வருவதே 95 விழுக்காடு உறுதியோடு சொல்லக்கூடிய மேல் எல்லை. 3-ஐ 300-ஆல் வகுத்தால் 1 விழுக்காடு. 67,000-இல் 1 விழுக்காடு 670. அத்தனை தப்பியிருக்கவும் இடமுண்டு. அப்படியானால் மொத்தம் 1,430-இல் 640, வெறும் 45 விழுக்காடு. அடிமட்ட அடுக்கு மிகப் பெரியது என்பதால், அங்கே அரிதாக இருப்பவையும் கூட்டினால் மலையாகும்.

இதைச் சரிசெய்ய இரண்டு வேலை. நடு அடுக்கின் 4,000 துண்டையும் படித்துவிடுவது ஒன்று. எழுத்துப்படியாகப் படிக்கத் துண்டுக்குப் பத்து நொடி வைத்தால் 11 மணி நேரம். எதிர்பார்த்தபடி 120 கிடைத்தால் கையில் 760. அடிமட்டத்தில் 300-க்குப் பதில் 3,000 எடுத்துப் படிப்பது மற்றொன்று. இன்னும் ஏறக்குறைய எட்டரை மணி நேரம். அப்போதும் ஒன்றும் அகப்படாவிட்டால் மேல் எல்லை 0.1 விழுக்காடு, அதாவது 67 துண்டு. 827-இல் 760, குறைந்தது 92 விழுக்காடு. மூன்று நாள் வேலையில் ஐயம் அரைவாசியிலிருந்து பத்தில் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. மாதிரியில் சில அகப்பட்டாலோ இன்னும் நல்லது. அவை எந்த வாசகத்தில் இருக்கின்றன என்று பார்த்து, அதைக் கேள்விப் பட்டியலில் சேர்த்து, எல்லாவற்றையும் மறுபடி வரிசைப்படுத்தலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் இந்தக் கணக்கோடு சேர்ந்தே வர வேண்டும். முதலாவது, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் ஒரே பேச்சு இரண்டு மூன்று துண்டுகளில் எண்ணப்பட்டிருக்கும். அடுத்தடுத்த துண்டுகளை ஒட்டி ஓர் "இடம்" ஆக்கியபின் 760 துண்டு பாதிக்கும் கீழே குறையலாம். பட்டியலில் கொடுக்க வேண்டியது இடங்களை, விழுக்காடு கணக்கிட்டது துண்டுகளில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது அடிப்படையானது. மாதிரியை எழுத்துப்படியாக மட்டும் படித்தால், பேச்சறி கருவி சிதைத்த இடங்கள் இந்தக் கணக்கிலும் தப்பிவிடும். "போர் வந்துபோச்சு" என்று எழுதியிருப்பதைப் படிப்பவரும் யுத்தம் என்றே நினைப்பார். எனவே அடிமட்ட மாதிரியில் ஒரு பகுதியையாவது காணொளியாகவே போட்டுக் கேட்க வேண்டும். 300 துண்டு, 45 நொடி வீதம், நாலே மணி நேரத்துக்கும் குறைவு. கண்ணால் மட்டும் தெரிபவையும் அப்போதுதான் தெரியவரும். யாரும் பேசாமல் குடங்கள் வரிசையாக நிற்கும் காட்சி எந்த எழுத்துப்படியிலும் இருக்காது. அதைத் தேடப் படத்தையும் சொல்லையும் ஒரே வெளியில் வைக்கும் வேறு மாதிரிகள் உண்டு. அது தனிக் கட்டுரைக்கான பொருள்.

முடிவாக

தேவையைப் பொறுத்துத்தான் இந்த வேலையின் அளவு. ஆவணப்படத்துக்கு ஐந்து நல்ல பேட்டித் துணுக்குகள் தேடும் இயக்குநருக்கு முதல் நூறு துண்டுகள் போதும். அடிமட்டத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தேவையில்லை. "இந்தத் தொலைக்காட்சியில் தட்டுப்பாட்டைப் பற்றிப் பெண்கள் பேசியதைவிட அதிகாரிகள் பேசியதே அதிகம்" என்று எழுதப்போகிற ஆய்வாளருக்கு நிலைமை வேறு. அதிகாரியின் எழுத்துநடை எழுத்தாவதிலும் எளிது, வரிசையில் மேலே ஏறுவதிலும் எளிது. அப்படியானால் அவர் கண்ட வேறுபாடு தொலைக்காட்சியினுடையதா, தேடல் கருவியினுடையதா? தப்பியவை குலுக்கலில் தப்பியிருந்தால் முடிவு மாறாது. இங்கே தப்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வகைப் பேச்சுக்காரர்கள். ஆகவே விழுக்காட்டை மொத்தமாக மட்டும் கணக்கிடாமல், தெருப்பேட்டிக்குத் தனியே, அரங்க விவாதத்துக்குத் தனியே கணக்கிட வேண்டும். பேட்டிகளுக்கு 70, விவாதங்களுக்கு 95 என்று வந்தால் அந்த ஒப்பீட்டை அப்படியே அச்சிட முடியாது.

இத்தகைய தேடலின் பலனை வெளியிடுகிறவர் சொல்ல வேண்டியது நான்கு செய்திகள்: எதைத் தலைப்புக்குள் சேர்த்தார், எத்தனை துண்டுகளைப் படித்தார், படிக்காதவற்றிலிருந்து எத்தனையைக் குலுக்கி எடுத்துப் பார்த்தார், அதில் எத்தனையைக் காதால் கேட்டார். இவை இருந்தால் "எல்லா இடங்களும்" என்பதற்குப் பதில் "பத்தில் ஒன்பதுக்குக் குறையாமல்" என்று அவரால் எழுத முடியும். அந்த வாக்கியத்தை மற்றொருவர் சரிபார்க்க முடியும்.